தவக்காலத்தில் எழுதிய சுயமதிப்பீடு

எங்கள் நூற்பாலையை வேறொரு நிறுவனம் வாங்கிய பிறகு, மேஸ்திரிகளுக்கும் ஈமெயில் முகவரி கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது. அதுவரை என் பெயர் வருகைப் பதிவிலும் மாதா கோயில் சந்தாப் புத்தகத்திலும் மட்டுந்தான் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழ் நன்றாகப் படிப்பேன், எழுதுவேன். ஆனால் நான் எழுதியதை இன்னொருவர் உட்கார்ந்து படிப்பார் என்ற எண்ணமே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வேடசந்தூர் ரோட்டில் இருக்கிறது மில். நான் ரிங் பிரேம் பகுதியில் மேஸ்திரி. பஞ்சுத் திரி நூலாக முறுக்கேறிக் கண்டில் சுற்றும் இடம் அது. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால் இரவு ஷிப்டுக்கு மேஸ்திரி யாரும் ஒத்துக்கொள்வதில்லை. என்னிடம் கேட்டால் நான் மறுக்கமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மாதத்தில் பாதிக்கு மேல் இரவு எனக்குத்தான் விழுந்தது.

அந்த வருஷம் மழைக்காலத்தில், நான் இரவு வேலையில் இருந்தபோது, என் மனைவி வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பில் அடி. எழ முடியவில்லை. போன் கட்டில்மேல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. விடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்கி நான் கதவைத் தட்டியபோதும் அவள் ஈரத் தரையில்தான் கிடந்தாள். கதவை உடைத்துத்தான் உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, "டீ போடலைங்க" என்பது.

எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருட்டினாலே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. திருப்பூரில் கட்டிக் கொடுத்திருக்கும் எங்கள் மகள் அப்போது பிள்ளையுண்டாகியிருந்தாள். "அம்மாவ இங்க அனுப்புங்கப்பா. இங்க எனக்கும் ஆள் வேணும், அங்க ராத்திரி அது தனியாக் கிடந்து சாகவா?" என்று போனில் அழுதாள். என் மனைவி போனைப் பிடுங்கி, "ஒங்கப்பாவுக்குச் சோறு யாரு போடுறது? பேறுகாலத்துக்கு வந்து ஒரு மாசம் இருந்துட்டு வாரேன், போ" என்றாள்.

அப்படித்தான் போய் இருந்துவிட்டு வந்தாள். வந்த பிறகும் மகள் விடவில்லை. அந்தச் சமயத்தில்தான் மில்லில் ஒரு பேச்சு வந்தது. ரிங் பிரேம் பகுதிக்கு ஒரு சூப்பர்வைசர் போடப்போகிறார்கள். வெளியிலிருந்து எடுக்கவில்லை; இருக்கும் மேஸ்திரிகளில் ஒருவர்தான். சூப்பர்வைசருக்கு ஜெனரல் ஷிப்ட். காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம். இரவு வேலை கிடையாது.

இதை நான் வீட்டில் சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அது ஒங்களுக்குக் கெடைக்குமா?"

"கெடைக்கலாம். மேனேஜர் ஜாடையாச் சொன்னாரு."

"கெடைச்சா நான் எங்கயும் போகல. இங்கயே இருக்கேன். கெடைக்கலன்னா புள்ள சொல்றபடி போயிர்றேங்க. எனக்கு ராத்திரிய நெனச்சாலே ஒடம்பு நடுங்குது. ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது?"

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பாள்.

மார்ச் மாதம் வந்தது. வருஷாந்திர மதிப்பீட்டுக்கு முன்னால், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித் தானே எழுதி மேனேஜருக்கு ஈமெயில் அனுப்ப வேண்டும், மனிதவளப் பிரிவுக்கும் அதன் நகல் போக வேண்டும் என்று அறிவித்தார்கள். மேஸ்திரிகளை எல்லாம் கேன்டீனில் உட்காரவைத்து, மனிதவளப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண் விளக்கினார். போன ஏப்ரலில் உங்களுக்குக் கொடுத்த இலக்குகள் என்னென்ன, அதில் எவ்வளவு முடித்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம், இனி எந்தத் திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள், இவ்வளவும் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதலாம். கடைசியாக அவர் சொன்னார்: "உங்களை நீங்களே நேர்மையாப் பாருங்க. எதையும் மறைக்காம எழுதுங்க."

எனக்கு அந்த வார்த்தை புதிதல்ல. சின்ன வயதில் புதுநன்மைக்கு, அதாவது முதல் நற்கருணைக்குத் தயார் செய்த கன்னியாஸ்திரி அம்மா அப்படியேதான் சொன்னார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் தனியாக உட்கார்ந்து உன்னையே பார். எதையும் மறைக்காதே. செய்த நல்லதைச் சாமியாரிடம் சொல்லப் போகாதே, அது ஆண்டவருக்குத் தெரியும். குறையை மட்டும் சொல். அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய ஒவ்வொரு தவக்காலத்திலும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். தன்னைப் பற்றித் தானே சொல்வதற்கு எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

என்னோடு இன்னொரு மேஸ்திரி இருந்தார். சின்னாளப்பட்டிக்காரர். நானும் அவரும் ஒரே வருஷம் மில்லில் சேர்ந்தவர்கள். அந்தப் பதவிக்கு எங்கள் இருவரையுந்தான் பார்க்கிறார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் எங்களுக்குள் பகை ஒன்றும் இல்லை.

"என்ன அப்பு, எழுதிட்டியா?" என்று டீ குடிக்கும்போது கேட்டார்.

"இனிமேத்தான்."

"நான் போன்ட்ட சொன்னேன், அதுவே எழுதிருச்சு. எம்மவன் ஏதோ ஏஐயாம், அதுல போட்டான். படிச்சுப் பாத்தா எனக்கே தெகச்சுப்போச்சு. இம்புட்டுப் பெரிய ஆளாடா நானுன்னு எம்பொண்டாட்டிட்ட கேட்டேன். ரேசன் கடையில வரிசையில நிக்கத் தெரியல, பெரிய ஆளாம்ல பெரிய ஆளுங்கறா." சிரித்துவிட்டு, "ஒனக்கு வேணுமா? அனுப்பி விடுறேன். அதப் பாத்து மாத்தி எழுதிக்க. கூச்சப்படாத" என்றார்.

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர்மேல் சந்தேகம் இல்லை. தன்னைச் சோதித்துப் பார்ப்பதை இன்னொருவரைப் பார்த்து எழுதுவது என்ற யோசனையே எனக்கு ஒப்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்தது. இரவு ஷிப்டுக்கு மில் பஸ் வர நேரம் இருந்தது. கோயில் வளாகத்தில் வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தேன். மறுநாள்தான் அனுப்பக் கடைசி நாள். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

எனக்குக் கொடுத்திருந்த இலக்குகள் நான்கு. இழை அறுவதைக் குறைப்பது. கழிவுப் பஞ்சைக் குறைப்பது. புதிதாக வரும் ஆட்களுக்கு அறுந்த இழையை ஒட்டப் பழக்குவது. ஷிப்ட் ரிப்போர்ட்டை நோட்டில் எழுதாமல் நானே கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நான்கும் நடந்திருந்தன. எங்கள் ஷிப்டில் கழிவு குறைந்ததை மேனேஜரே மீட்டிங்கில் சொல்லியிருந்தார். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்கு, பாஷை தெரியாமலே, விரலைப் பிடித்துக் காட்டி நான் வேலை பழக்கினேன். அவர்களில் ஒருத்திகூட வேலையை விட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டை முதலில் கிளார்க் தம்பி போட்டுக் கொடுத்தான். தீபாவளிக்குப் பிறகு நானே போட்டேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் பிழை வராது.

இதில் எதையும் நான் எழுதவில்லை. இலக்குகளைப் பற்றி எழுதியது இவ்வளவுதான்: "கடவுள் புண்ணியத்தில் சொன்ன நான்கு காரியமும் ஓரளவு நடந்தன. கூட வேலை செய்தவர்களே அதற்குக் காரணம்."

அதற்குப் பிறகு, வளர்த்துக்கொள்ள வேண்டிய திறமைகள் என்ற இடத்துக்கு வந்தேன். அங்கே எனக்கு வார்த்தை தடைபடவில்லை. ஆட்களை அதட்டி வேலை வாங்க எனக்கு வராது என்று எழுதினேன். பெரிய அதிகாரிகள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எழுதினேன். கம்ப்யூட்டர் என்றால் இன்னும் பயந்தான், அடுத்தவர் உதவி இல்லாமல் கற்றிருக்க முடியாது என்று எழுதினேன். ஒரே நேரத்தில் இரண்டு மிஷின் நின்றால் பதறிவிடுகிறேன், முடிவெடுக்கத் தயங்குகிறேன், என் படிப்பு போதாது. எழுத எழுத மனம் லேசானது. முடிவில், பாவசங்கீர்த்தன மந்திரத்தில் வருகிற வார்த்தையிலேயே, "இந்தக் குறைகளைத் திருத்திக்கொள்ள உண்மையாகவே பிரதிக்கினை செய்கிறேன்" என்று போட்டு, மேனேஜருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் அனுப்பினேன். நற்கருணை வாங்கிவிட்டு வருகிற மாதிரி பஸ் ஏறப் போனேன்.

அடுத்த சில வாரங்கள் வீட்டில் சந்தோஷமாகவே இருந்தது. எழுதி அனுப்பிவிட்டேன் என்று சொன்னதும் என் மனைவி, "நல்லா எழுதுனீங்களா?" என்றாள். "உள்ளத உள்ளபடி எழுதுனேன்" என்றேன். "அப்பப் போதும்" என்றாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஈஸ்டருக்கு மகளும் பேரப்பிள்ளையும் வந்திருந்தார்கள். "அம்மா இங்கதான் இருக்கும்போல" என்று மகள் சடைத்துக்கொண்டாள். என் மனைவி பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியபடி, "ஒங்கப்பாவுக்குப் பகல் வேல வந்துரும்டி. நான் லீவுக்கு லீவு வாரேன்" என்றாள்.

மதிப்பீட்டுக்கு மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். மேஜைமேல் என் ஈமெயிலை அச்செடுத்து வைத்திருந்தார்.

"உக்காருங்கண்ணா."

நான் நுனியில் உட்கார்ந்தேன்.

"என்னங்ண்ணா இப்படிப் பண்ணிப் போட்டீங்க? நான் கேட்டது என்னங்க, நீங்க எழுதுனது என்னங்க? கழிவு கொறச்சது எங்க? அந்தப் புள்ளைங்களுக்குப் பழக்கிக் குடுத்தது எங்க? ரிப்போர்ட்ட நீங்கதான போடறீங்க, தெனமும் உங்க பேருலதான வருது. அதை ஒரு வரி எழுதக் கூடாதுங்களா?"

"அதெல்லாம் ஒங்களுக்குத் தெரியும்ல சார்."

"எனக்குத் தெரியுமுங்க. ஹெட் ஆபீசுல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு நீங்கன்னா இந்தப் பேப்பர்தாங்க."

அவர் கோபமாக இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏதோ துக்க வீட்டில் பேசுகிறவர்போலப் பேசினார். அந்த மெயில் வந்த சமயம் அவர் ஹெட் ஆபீசில் இருந்திருக்கிறார். திரும்பி வந்து திறந்து பார்ப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. மனிதவளப் பிரிவு எல்லாருடையதையும் மேலே அனுப்பிவிட்டது. இவர் எனக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஒரு பதவிக்கு இரண்டு பேர் என்றபோது, மேலே இருந்தவர்கள் இரண்டு மெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"நான் உங்களுக்காகப் பேசினனுங்க. அவங்க ஒரே கேள்விதாங்க கேட்டாங்க. ஆளுங்கள வேலை வாங்க வராது, முடிவெடுக்கத் தெரியாதுன்னு அவரே எழுதியிருக்காரு. அப்புறம் நீங்க எப்படி வரும்னு சொல்றீங்கன்னு. நான் என்னங்ண்ணா சொல்றது?"

ஜன்னலுக்கு வெளியே கழிவுப் பஞ்சு மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னாளப்பட்டிக்காரருக்குத்தான் பதவி என்று அவர் வாயால் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வீட்டுல ஏதாச்சும் கஷ்டமுங்களா? இருந்தாச் சொல்லுங்க. நைட் ஷிப்டையாவது கொறச்சுத் தர முடியுதான்னு பாக்கறேன்."

சொல்லியிருக்கலாம். அவள் குளியலறைத் தரையில் கிடந்ததைச் சொல்லியிருக்கலாம். பதவி போனாலும் அது ஒன்று போதும் எங்களுக்கு. ஆனால் மனைவியின் உடம்பைப் பற்றி ஓர் ஆபீஸ் அறையில், என்னைவிட வயதில் சின்னவரிடம், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒன்னும் இல்ல சார்" என்று எழுந்துவிட்டேன்.

கீழே வந்தபோது சின்னாளப்பட்டிக்காரர் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்றிருந்தார். அவருக்குச் செய்தி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வரவும் இல்லை, போகவும் இல்லை.

"ஏலே அப்பு, நான் அப்பவே அனுப்புறேன்னு சொன்னேன்ல" என்றார். பிறகு, "ஒம்மேல எனக்கு ஒன்னும் இல்லடா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை வேர்த்திருந்தது. நல்லா இருங்க என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கை கால் கழுவினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லையா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். தட்டில் சோறு போட்டாள். வெஞ்சனம் வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி வந்தேன்.

"என்ன எழுதுனீங்க? காட்டுங்க" என்றாள் பிறகு.

போனில் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசற்படி வெளிச்சத்தில் நின்று படித்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். இதற்கு மட்டும் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். மேலே தள்ளி மறுபடியும் படித்தாள்.

"இது யாருங்க?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"இந்த ஆள எனக்குத் தெரியலையே. நான் விழுந்து கெடந்தப்ப கதவ ஒடச்சுத் தூக்கிட்டுப் போய், ஆஸ்பத்திரில எல்லாத்தையும் ஒத்தையில நின்னு பாத்தீங்களே, அப்பப் பதறுனீங்களா? முடிவெடுக்க வராதாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல, நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு."

அவள் அழவில்லை. போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மிளகாய்ப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, எந்த நாளில் தண்ணீர் வரும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். பஸ் புறப்பட்டபோது, "ஒடம்பப் பாத்துக்கங்க. நான் கோவிச்சுக்கிட்டுப் போகல" என்றாள். அது எனக்கும் தெரியும். கோபித்துக்கொண்டு போனவளென்றால் சமாதானம் செய்து கூட்டிவரலாம்.

ஒரு வருஷம் அப்படியே போனது. அவள் ஊரில் இல்லாததால் இரவு ஷிப்ட் எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இரவு மாற்றிக் கொடுத்தேன். மறுபடியும் மார்ச் வந்தது, மறுபடியும் சுயமதிப்பீடு எழுதச் சொன்னார்கள். நான் எழுத உட்காரவே இல்லை. அவளாகத்தான் போனில் கேட்டாள்.

"எழுதிட்டீங்களா?"

"இல்ல."

"போன காதுல வச்சுக்கிட்டு ஒரு நோட்ட எடுங்க. நான் சொல்றேன், எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அந்த வருஷமும் அதே நாலு இலக்குதான்; போனில் நான் சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. "கழிவுப் பஞ்சைக் குறைத்தேன். போடுங்க. மாசா மாசம் எவ்வளவுன்னு ரிப்போர்ட்ல இருக்கும்ல, அதையும் போடுங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு வேலை பழக்கினேன். அவங்க யாரும் வேலைய விட்டு நிக்கல." குறைகளைப் பற்றி எழுதும் இடம் வந்ததும் அவள் நிறுத்தினாள். "ஒன்னே ஒன்னு போதும். இன்னும் கம்ப்யூட்டர் படிச்சுக்கணும், அதுக்குப் பயிற்சி குடுங்கன்னு கேளுங்க. மத்ததெல்லாம் சாமியார்ட்ட சொல்லிக்கங்க." அவள் சிரித்த சத்தம் கேட்டது. பின்னால் பேரப்பிள்ளை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. அவள் சொன்னபடியே தட்டி அனுப்பினேன்.

இந்த முறை மேனேஜர் அழைத்துக் கைகொடுத்தார். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதிக்கு ஒரு சூப்பர்வைசர் வேண்டியிருந்தது. எனக்குக் கொடுத்தார்கள். ஜெனரல் ஷிப்ட்.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டேன். எங்கள் தெருவில் அந்த நேரத்தில் இவ்வளவு பேர் நடமாடுவார்கள் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"கெடைச்சிருச்சு" என்றேன்.

"நெசமாவா? மாதாவே. நான் சொன்னேன்ல?" என்றாள். மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். அங்கே எல்லாரும் பேசும் சத்தம் கேட்டது. சற்று அடங்கியதும் கேட்டேன்.

"அப்ப நீ வாரியா?"

மகள் மறுபடி பனியன் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்து மாசங்கள் ஆகிவிட்டன. பிள்ளை என் மனைவியிடந்தான் சாப்பிடும், அவளிடந்தான் தூங்கும். மாப்பிள்ளைக்கும் ஷிப்ட் வேலை. இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"இப்ப எப்படிங்க வாரது?" என்றாள். "இவன விட்டுட்டு அவ எப்படி வேலைக்குப் போவா? பள்ளிக்கூடத்துல போடுறவரைக்கும்னு வச்சுக்கங்க."

"சரி, சரி. சும்மாத்தான் கேட்டேன்."

"போன வருசமே கெடைச்சிருந்தா..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளை அவள் கையிலிருந்த போனை இழுக்கும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டீங்களா?"

"இனிமேத்தான்."

"வெளிய வாங்காதீங்க. அரிசி கழுவி வச்சாச் செத்த நேரத்துல வெந்துரும். நான் போனுல இருக்கேன், எவ்வளவு தண்ணின்னு சொல்றேன்" என்றாள்.

அடுப்படிக்குப் போய் விளக்கைப் போட்டேன். போனை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தேன். அவள் சொன்ன அளவுக்கு அரிசி எடுத்தேன். இரண்டு பேருக்கான அளவைச் சொல்லியிருந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. நானும் அதைச் சொல்லாமல், எடுத்ததைக் கழுவி உலையில் போட்டேன்.